அக்கா கல்யாணம்: போட்டோ, வீடியோ எடுப்பவர்களுக்கான குறிப்பு

அண்ணே, வணக்கம். சனி மாலை வரவேற்புக்கும் ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கும் வரும் உங்கள் நாலு பேரும் இதைப் படித்துவிடட்டும். மண்டபம் திருப்பரங்குன்றத்தில்.

சனிக்கிழமை 6 மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு, 7 மணிக்கு வரவேற்பு. இதில் உங்கள் விருப்பம்தான். தாய்மாமா சீர்த்தட்டு வரிசை உள்ளே வருவதை மட்டும் வாசலிலிருந்தே முழுசாக எடுங்கள்.

ஞாயிறு 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். காப்புக் கட்டியதும் 6.20 வாக்கில் முகூர்த்தப் பட்டுப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அக்கா கட்டிக்கொண்டு வர அரை மணி ஆகும். அப்புறம் தாரை வார்த்தல். அப்பா அங்கே கண்டிப்பாகக் கலங்குவார். ஒரு வீடியோ கேமரா அவர் முகத்திலேயே இருக்கட்டும்.

தாலி கட்டும்போது (7 மணிக்கு மேல்) மணவறை மேல் யாரும் ஏறக் கூடாது. ஒரு போட்டோ, ஒரு வீடியோ முன்னால் தரையில் உட்கார்ந்து. இன்னொரு போட்டோ பக்கவாட்டில், நாத்தனார் மூன்றாவது முடிச்சுப் போடுவது தெரிகிற மாதிரி. போன மாதம் ஒரு கல்யாணத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் கேமராக்காரர் முதுகுதான். தவறிவிட்டால் ‘இன்னொரு தடவை கட்டுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள், போனது போகட்டும். பிறகு மெட்டி, அருந்ததி பார்த்தல், பால் பழம்.

குடும்பப் படங்கள் 7.45க்கு, பந்திக்கு ஆட்கள் கிளம்புவதற்குள். சித்தப்பா மகன் மேடைக்குக் கீழே நின்று கூப்பிடுவான். வரிசை இது:

1. அப்பத்தா, அம்மாச்சி (இருவருக்கும் முழங்கால் வலி, நாற்காலி போட்டு முதலில் முடித்துவிடுங்கள்)
2. இரண்டு பக்கப் பெற்றோர்
3. தாய்மாமா குடும்பம்
4. அப்பாவுடன் பிறந்தவர்கள் எல்லாரும்
5. மாப்பிள்ளையின் அக்கா, தங்கை குடும்பங்கள்
6. நாங்கள் நாலு பேர் மட்டும், அக்கா நடுவில்

நாலாவதில் பெரியத்தை இருந்தே ஆக வேண்டும். மாமா இறந்த பிறகு விசேஷங்களில் அவரே ஒதுங்கி நின்றுகொள்கிறார், யாரும் கூப்பிடுவதில்லை. அவர் வந்த பிறகே கிளிக் செய்யுங்கள்.

எடுக்கக் கூடாத இடங்கள்: மணமகள் அறைக்குள் அம்மா கூப்பிடும்வரை கேமரா போகக் கூடாது, கதவிடுக்கு ஷாட்டும் வேண்டாம். பந்தியில் இலைகளை எடுக்கலாம், சாப்பிடுகிறவர்களை வேண்டாம். மொய் எழுதும் மேஜைப் பக்கமே வேண்டாம். ஐயர் மந்திரம் சொல்லும்போது முகத்துக்கு நேரே வீடியோ லைட் அடிக்காதீர்கள், அவர் எழுந்துவிடுவார். டிரோன் வேண்டாம், ஏர்போர்ட் பக்கம். 9.30க்கு முருகன் கோயிலுக்குப் போகிறோம், உள்ளே செல்போனுக்கே தடை, வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கா பார்த்துச் சரி சொல்லும்வரை எந்தப் படமும் இன்ஸ்டாகிராமில் போகக் கூடாது.

ஞாயிறு 4.30க்கெல்லாம் மண்டபத்தில் இருங்கள். காபி அப்போதே தயாராக இருக்கும். டிபனுக்கு 8.30 பந்தியில் உங்களுக்கு நாலு இலை சொல்லி வைத்திருக்கிறேன்.