டிராக்டர் கடன் கேட்டு கூட்டுறவு வங்கிக்கு ஒரு விண்ணப்பக் கடிதம்

வடுவூர்,
மன்னார்குடி வட்டம்,
10.12.2025

அனுப்புநர்: கோ. இளங்கோவன், விவசாயி

பெறுநர்: மேலாளர் அவர்கள், கூட்டுறவு வங்கி, மன்னார்குடி

பொருள்: டிராக்டர் வாங்க ரூ.7,00,000 கடன் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. உங்கள் வங்கியில் வாங்கிய பயிர்க்கடன் எதிலும் பாக்கி இல்லை. போன வாரம் நேரில் வந்தபோது, "ஆறு ஏக்கருக்கு டிராக்டர் எதற்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். என் நிலத்துக்கு மட்டும் என்றால் நானும் வாங்க மாட்டேன். வாடகைக்கு ஓட்டத்தான் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சேற்றுழவு நேரத்தில் வண்டி கிடைப்பதில்லை. வெளியூரிலிருந்து வரும் வண்டிக்கு ஐந்தாறு நாள் காத்திருக்கிறோம். அதற்குள் நாற்றுக்கு வயது ஏறிவிடுகிறது. வேளாண் பொறியியல் துறையில் குறைந்த வாடகைக்குக் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் எல்லா வயலும் ஒரே வாரத்தில் கேட்கும்போது அந்த வண்டிகள் எத்தனை பேருக்குப் போதும்?

தெருத் தெருவாகக் கேட்டு எழுதிய கணக்கு இது. சம்பா, தாளடிக்கு 120 ஏக்கர், ஏக்கருக்கு இரண்டரை மணி வீதம் 300 மணி. குறுவைக்கு 48 ஏக்கர், 120 மணி. மாசிப் பட்டப் பருத்திக்கு 50 மணி, கோடை உழவுக்கு 80 மணி. ஆக, ஆண்டுக்கு 550 மணி. பேர், ஏக்கர், கையெழுத்தோடு பட்டியல் இணைத்திருக்கிறேன். என் சொந்த ஆறு ஏக்கரை இதில் சேர்க்கவில்லை.

மணிக்கு வாடகை ரூ.1,100. டீசல் ஐந்தரை லிட்டர் சுமார் ரூ.511, டிரைவர் கூலி ரூ.150, ஆயில், டயர், ரிப்பேர் ரூ.89. கையில் நிற்பது ரூ.350. ஓட்டப்போவது என் மகன்தான். இருந்தாலும் கூலியை எழுதாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். 550 மணிக்கு ரூ.1,92,500, இன்சூரன்ஸ் ரூ.12,500 போக ரூ.1,80,000.

முதலீடு ரூ.9,50,000. 45 குதிரைத் திறன் டிராக்டர் 8,00,000, ரோட்டவேட்டர் 1,20,000, கேஜ் வீல் 30,000. செப்டம்பரில் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கிய பிறகு வாங்கிய கொட்டேஷன் இது. டிரெய்லர் இப்போதைக்கு வேண்டாம். என் பங்கு ரூ.2,50,000.

எட்டாம் ஆண்டு வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்குச் சமமில்லை என்பதால், ஒவ்வொரு ஆண்டு வரவையும் 12 சதவீதம் கழிவு போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தோம். பி.காம் படித்த என் மகள் போட்டுக் கொடுத்தது. எட்டு ஆண்டு வரவு இன்றைய மதிப்பில் ரூ.8,94,175. கடைசியில் வண்டியை ரூ.3,00,000-க்கு விற்றால் அதன் இன்றைய மதிப்பு ரூ.1,21,165. மொத்தம் ரூ.10,15,340. முதலீட்டைக் கழித்தால் நிகர நிகழ்கால மதிப்பு ரூ.65,340.

பெரிய லாபமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 512 மணிக்குக் கீழே போனால் இந்தத் தொகை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் மணிக் கணக்கைக் கையெழுத்தோடு கொடுக்கிறேன்.

மேட்டூர் ஏமாற்றினால்? 2024-ல் ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-ல்தானே அணை திறந்தார்கள். எட்டு ஆண்டில் இரண்டு முறை, இரண்டாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும், குறுவை வேலை ஒரு மணிகூட இல்லை என்று வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ரூ.42,000 குறைகிறது. அப்போதும் ரூ.10,500-க்குச் சற்று மேல் மிஞ்சுகிறது.

தவணை பற்றி ஒரு வேண்டுகோள். நீங்கள் சொன்ன 11.5 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்கு, ஆண்டுத் தவணை சுமார் ரூ.1,51,000 வருகிறது. நல்ல ஆண்டில் ரூ.29,000 மிஞ்சும். குறுவை போன ஆண்டில் ரூ.13,000 துண்டு விழும். அதற்காக முதல் ஆண்டு மிச்சத்தை உங்கள் வங்கியிலேயே வைப்பில் போட்டுவிடுகிறேன். மாதத் தவணை மட்டும் வேண்டாம் ஐயா. உழவுக்கு வண்டி கேட்கிறவர்களில் பாதிப் பேர் நெல்லை கொள்முதல் நிலையத்தில் போட்டு பணம் வந்த அப்புறம்தான் வாடகை தருவார்கள். அதுவரை டீசலுக்கென்று ரூ.60,000 தனியாக வைத்திருக்கிறேன். ஆகவே தவணையை ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில் வைத்துத் தர வேண்டும். முதல் தவணை 2027 மார்ச்சில்.

வண்டியோடு என் நிலத்தையும் ஈடாகத் தருகிறேன். ஜாமீனுக்கு இரண்டு உறுப்பினர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பருத்தி உழவுக்கு வண்டி வயலில் இறங்க வேண்டுமானால் ஜனவரி கடைசிக்குள் கடன் கிடைத்தால் நல்லது. கள ஆய்வுக்கு எந்த நாள் வந்தாலும் வீட்டில் இருப்பேன்; பட்டியலில் உள்ளவர்களை நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

இணைப்பு: பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, கொட்டேஷன், கையெழுத்துப் பட்டியல், ஆண்டுவாரிக் கணக்குத் தாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. இளங்கோவன்