வாரைப் பூட்டியிருந்ததால் இதை எழுத முடிகிறது

படத்தில் என் இடது கையில் இருப்பது கடந்த மாசி மாதம் வரை நான் அணிந்திருந்த தலைக்கவசம்; வலது கையில் இருப்பது அதன்பின் வாங்கியது. பழையதன் இடப்புற நெற்றிப் பகுதியில் ஓடு விரிந்து, உள்ளேயிருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் ஒரு கைப்பிடி அளவுக்கு நசுங்கியிருப்பதைப் படத்தைப் பெரிதாக்கினால் காணலாம். இனிக் கைத்தடி இல்லாமல் நடக்கலாம் என்று எலும்பு மருத்துவர் நேற்றுச் சொல்லிவிட்டார். இத்தனை மாதங்களாக வீட்டுக்கு வந்தும் தொலைபேசியிலும் நலம் விசாரித்த அனைவருக்கும் ஒரே இடத்தில் நன்றி சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். கரும்பு வெட்டு தொடங்கும் காலமும் இதுவே என்பதால், நன்றியோடு சில வேண்டுகோள்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நடந்ததைப் பலரும் அரைகுறையாகவே கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஊரில் உலவிய கதைகளில் ஒன்றில் நான் லாரியில் மோதியிருக்கிறேன். இன்னொன்றில் இறந்தே போயிருக்கிறேன். உண்மையில், கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் செல்லும் சாலையில், விளக்கு வைக்கும் நேரத்தில், பள்ளியில் செய்முறைத் தேர்வு முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அச்சு முறிந்துபோன கரும்பு டிராக்டர் ஒன்று, டிரெய்லரின் பாதி சாலையில் இருக்க, நின்றுகொண்டிருந்தது. எதிரே வந்த பேருந்தின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்த அந்த ஓரிரு நொடிகளில், பின்விளக்கும் ஒளிர்பட்டையும் இல்லாத அந்த டிரெய்லர் எனக்குத் தெரியவே இல்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் என்பது நம் பார்வைக்கு நிதானமான வேகம்தான். ஆனால் அந்த வேகத்திலும் வண்டி ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் ஓடுகிறது. டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புக் கட்டு முதலில் தலைக்கவசத்தின் நெற்றியில் அறைந்தது; பிறகுதான் வண்டியும் நானும் சரிந்தோம்.

டிராக்டர் ஓட்டுநரைத் திட்டி யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சக்கரத்தின் அடியில் படுத்து அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வண்டி இன்னும் சற்று இடப்பக்கம் போயிருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். முதலில் ஓடி வந்து, தன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து என் காலில் வழிந்த இரத்தத்தின் மேல் அழுத்திப் பிடித்தவரும் அவர்தான்.

அடுத்து நின்றது ஒரு பால் வண்டி. அதிலிருந்து இறங்கிய அண்ணன் என்னைத் தூக்க முற்பட்டவர்களைத் தடுத்தார். தண்ணீர் கொடுக்க வந்த ஒரு பெண்மணியையும் அவர் தடுத்தது அப்போது எனக்குக் கோபத்தையே தந்தது. நாக்கு அவ்வளவு வறண்டிருந்தது. அவர் செய்தது எவ்வளவு சரி என்பதைப் பின்னர் மருத்துவர்கள் விளக்கினார்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதும் அவசியம். கழுத்தெலும்போ முதுகெலும்போ அடிபட்டிருந்தால், கையையும் காலையும் ஆளுக்கொருவராகப் பிடித்து ஆட்டோவுக்குள் மடக்கித் திணிப்பது ஆயுள் முழுவதற்கும் முடக்கிவிடக்கூடும். நெருப்பு, ஓடும் வண்டிகள் போன்ற உடனடி ஆபத்து இல்லாதவரை, அடிபட்டவரைக் கிடந்த இடத்திலேயே அசையாமல் வைத்து, இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 108ஐ அழைப்பதே நாம் செய்ய வேண்டியது. அந்த அண்ணன் அழைத்தபோது ‘சங்கராபுரம் ரோட்டில் ஒரு விபத்து’ என்று பொதுவாகச் சொல்லவில்லை. தன் பையனை ஓடவிட்டுக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைப் பார்த்து வரச் சொல்லி, அதைச் சொன்னார். ஆம்புலன்ஸ் தேடி அலையாமல் நேராக வந்து சேர்ந்தது.

போலீஸ் கேஸ் என்று அலைய நேருமோ என்ற தயக்கம் அவருக்கும் இருந்ததாகப் பின்னர் மருத்துவமனைக்குப் பார்க்க வந்தபோது சொன்னார். “பொண்டாட்டி வேணாம்னுதான் சொன்னா டீச்சர், எனக்குத்தான் மனசு கேக்கல” என்றார். அவரைப் போலத் தயங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என்று பாதுகாப்பளிக்கிறது. உதவியவர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லியே ஆக வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போகலாம்.

ஆம்புலன்ஸில் வந்த தம்பி என் தொடைக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டியபடியே, என் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். மறதிக்காரர் போலும் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது. தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமலேயே உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கும் அதிகமான இரத்தம் கசியக்கூடும் என்பதும், நான் நினைவிழக்கிறேனா என்பதை அவர் அந்தக் கேள்விகளால்தான் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதும் பிறகு தெரிந்தவை. அரசு மருத்துவமனையில் அன்றிரவே இரத்தம் ஏற்றி, மறுநாள் தொடையில் கம்பி வைத்தார்கள். எனக்காக இரத்தம் கொடுத்தவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்த மாணவர்களின் தந்தைமார். ஒருவருடைய மகனை அரையாண்டுத் தேர்வில் நான் கடுமையாகக் கடிந்துகொண்டிருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். காப்பீட்டு அட்டையைத் தேடி வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டு, கிடைத்த ஒரு மணி நேரத்தை இழந்துவிடாதீர்கள்.

இனித் தலைக்கவசத்துக்கு வருகிறேன். நான் இயற்பியல் ஆசிரியை. பதினொன்றாம் வகுப்பில் கணத்தாக்கைப் பாடமாக நடத்துகிறவள். மோதும் தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடக்கூட, அதன்மீது செயல்படும் விசை குறைகிறது. அந்தக் கூடுதல் நேரத்தைத் தருவது வெளியே பளபளக்கும் ஓடு அன்று, உள்ளே நசுங்கிக்கொடுக்கும் தெர்மோகோல். ஒரு முறை நசுங்கியது மறுபடி விரியாது. எனவேதான், ஒரு தடவை பலமாக அடிவாங்கிய கவசத்தைக் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பழைய கவசத்தைத் திண்ணையில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அதன் வாரிலும் உள்பஞ்சிலும் எறும்பு மொய்த்திருந்தது. கரும்புச் சாறு அவ்வளவு தூரம் உள்ளே தெறித்திருக்கிறது. அந்த வாரைத் தாடைக்குக் கீழ் பூட்டாமல் விட்டிருந்தால், கரும்புக் கட்டு அறைந்ததுமே கவசம் கழன்று ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டில் தலைக்கவசம் இல்லாமல் இறந்தோரில் 14,000க்கும் மேற்பட்டவர்கள் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள். இந்த எண்ணிக்கைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கணவர் கவசம் அணிந்திருக்க, பின்னால் மனைவி ஒரு பக்கமாக அமர்ந்து, முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு போவதை நாள்தோறும் பார்க்கிறோம். பின்னிருக்கையில் இருப்பவருக்கும், நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் சட்டம் இதே கடமையை விதிக்கிறது. தலைப்பின்னல் கலைந்துவிடும், பூ நசுங்கிவிடும் என்று சொல்லும் தங்கைமார்களே, பூவைப் பையில் வைத்துக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் சூடிக்கொள்ளலாம். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாரைப் பூட்டிய பின் தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தால் போதும். கவசத்தைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு, சோதனைச் சாவடி தெரிந்ததும் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளுக்கு நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், பழைய கவசத்தைக் கையில் தருகிறேன்.

பேருந்து, லாரி, கார் ஓட்டுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தால் உங்கள் விளக்கைத் தாழ்த்துங்கள்.

இது மறுபிறவி என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் அத்தை குலதெய்வக் கோயிலில் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தார். அம்மா திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். நானும் கைகூப்பி நின்றேன், அதில் குறையொன்றுமில்லை. ஆனால், விதி என்னை விட்டுவைத்தது என்று யாராவது சொல்லும்போது அதை அப்படியே ஏற்க மனம் வருவதில்லை. துண்டை அழுத்திப் பிடித்த கையும், கிலோமீட்டர் கல்லுக்கு ஓடிய பையனும், சளைக்காமல் பெயர் கேட்ட தம்பியும், இரத்தம் கொடுத்தவர்களும், மூன்று மாதம் பேச்சுத் துணைக்கு வந்து அமர்ந்த சக ஆசிரியைகளும், வலியில் நான் கத்தியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே காலை மடக்கவைத்த இயன்முறை மருத்துவரும் சேர்ந்து தந்த காலம் இது. என் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியபோது நான் படுக்கையில் இருந்தேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும்போது தேர்வறை வாசல்வரை நடந்து போவேன்.

அடுத்த வாரத்திலிருந்து அரவை தொடங்குவதால், எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கரும்பு வண்டிகளுக்குச் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். முதல் நாள் ஒட்டிப் பார்த்தபோதே ஒரு சிக்கலை அவர்களே கண்டுபிடித்தார்கள்: கரும்பு ஏற்றியதும் அதன் தோகை பின்பக்கம் தொங்கிப் பட்டையை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. ஆகையால் பழைய சாக்கில் பட்டையை ஒட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பின் நுனியிலேயே கட்டிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். வண்டி பழுதாகி நின்றால் அதையே அவிழ்த்து, இருபது முப்பது தப்படி பின்னால் ஒரு குச்சியில் நட்டுவைக்கவும் முடியும். ஓட்டுநர்களுக்கும் இது பிடித்திருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சர்க்கரை ஆலை எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் வண்டிகளில் கட்டுகிறோம். ஒளிர்பட்டைச் சுருள்கள் வாங்கியாகிவிட்டது. சாக்கும் சணல் கயிறும்தான் போதவில்லை. வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

#சாலைப்பாதுகாப்பு #தலைக்கவசம் #கரும்புவண்டி