பல்லி எங்க, ரப்பர் எங்க?

(கிண்டர்கார்டன் கே டூ பிள்ளைங்களுக்கு, பொருள் எங்க இருக்குன்னு இங்லீஷ்ல சொல்லிப் பழகுற பாட்டு. பொருளக் கையால காட்டிக்கிட்டே பாடணும்)

மேசை மேல பென்சில் கெடக்கு, ஆன் த டேபிள், ஆன்!
பைக்குள்ளாற மைலோ பாட்டில், இன் த பேக், இன்!
தமிழ்ல 'மேல' பின்னால வரும், மேசை மேலன்னு,
இங்லீஷ்ல அது முன்னால ஓடும், ஆன் த டேபிள்னு.

ரப்பர் எங்க ரப்பர் எங்க, காணோமேன்னு அழுதா,
அண்டர் த சேர், கீழ கெடக்கு, குனிஞ்சு பாத்து எடுத்தா.
(இங்க எல்லாரும் குனியணும், சும்மா நிக்கக்கூடாது சொல்லிட்டேன்)

சுவத்துல ஒரு பல்லி இருக்கே, அதுக்கு என்ன சொல்ல?
இன் த வால்னு சொல்லிடாத, அது சிமெண்ட்டுக்குள்ள இல்ல,
ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அப்போ ஆன் த வால்,
சீண்டிவிட்டா துடிச்சு விழும் அதோட குட்டி வால்!

தலைக்கு மேல ஃபேன் சுத்துது, தொடல பாரு, அபவ் அபவ்!
தொடப்பம் எங்க ஒளிஞ்சிருக்கு? கதவுக்குப் பின்னால, பிஹைண்ட் த டோர்,
ஒயிட்போர்டுக்கு முன்னால நிக்கிறது யாரு, டீச்சரா, அப்ப இன் ஃப்ரண்ட் ஆஃப் த போர்ட்!

ரெண்டு ஃபைலு நடுவுல ரூலர் மாட்டிக்கிச்சு, பிட்வீன் பிட்வீன்,
ரீசஸ் பெல்லு அடிச்சிருச்சு, வாங்க போலாம் கேண்டீன்!