ஆறு லட்சம்

போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, கைக்கு வந்த பணத்தில் 2015இல் மதுரைக்குத் தெற்கே ஐந்து சென்ட் வாங்கினார். விலை பதினான்கு லட்சம். பத்திரத்தில் எழுதியது ஆறு லட்சம். ஆறுக்கு டிடி, மீதி எட்டும் ரொக்கம். "எல்லோரும் வழிகாட்டி மதிப்புக்குத்தான் எழுதுகிறார்கள், முத்திரைத் தீர்வை மிச்சம்" என்று பத்திரம் எழுதுபவர் சொன்னார். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. டிக்கெட்டுக்குச் சில்லறை பாக்கி வைக்காத மனிதர், அன்று தலையாட்டிவிட்டார்.

விற்றவர் நிலத்துக்காரர் இல்லை, அவரிடம் பவர் வாங்கிய முகவர். வில்லங்கச் சான்றிதழ் பதின்மூன்று வருடத்துக்குப் போட்டுப் பார்த்தோம். கடன் எதுவும் இல்லை. 2014இல் எழுதிய பவர் மட்டும் ஒரு வரியாக இருந்தது. மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொல்லிச் சான்றிட்ட நகலைக் கொடுத்தார் முகவர். எது பதிவானது என்பதைத்தான் வில்லங்கம் சொல்லும், எழுதிக்கொடுத்தவர் அப்போது உயிரோடு இருந்தாரா என்பதைச் சொல்லாது. இது எங்களுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் விளங்கியது.

2018 தை மாதம் எல்லைக் கல் ஊன்றப் போனோம். கொத்தனார் கயிறு பிடித்துக்கொண்டிருந்தபோது ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு வயதான அம்மா இறங்கினார். கூட அவர் மகள். திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பக்கத்து மனைக்காரர் போன் செய்து வரவழைத்திருக்கிறார்.

"அண்ணா, யார் நிலத்தில் கல் ஊன்றுகிறீர்கள்?"

அப்பா பத்திர நகலை நீட்டினார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் புரட்டிக்கொண்டே போய், பவர் பத்திரத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் நின்றாள். தாடி வைத்த ஒருவர், கழுத்துப் பட்டன் வரை போட்ட கட்டம் போட்ட சட்டை.

"அம்மா, இது யார் என்று பாருங்கள்."

அவர் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "யாரோ" என்றார். பிறகு மஞ்சள் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்தார். 1984ஆம் வருடத்து மூலப் பத்திரம், மடிப்பு விட்டுப்போய், பின்பக்கம் பதிவு முத்திரையோடு. அதன் கீழே கணவரின் இறப்புச் சான்றிதழ். 2009.

செத்து ஐந்து வருடம் கழித்து அவர் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கொத்தனார் கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வரவே இல்லை.

அந்த அம்மா எங்கள் மேல் வழக்குப் போட்டார். முகவர் முதல் பிரதிவாதி, அப்பா இரண்டாம் பிரதிவாதி. சம்மன் வந்த அன்று அம்மா சமைக்கவில்லை. நாங்கள் பார்த்த வக்கீல் அம்மா, ஆறுதல் சொல்லும் வகை இல்லை. "நீங்கள் நல்ல எண்ணத்தோடு வாங்கியவர்கள், சரி. ஆனால் பொய்ப் பத்திரத்திலிருந்து உரிமை பிறக்காது. உரிமையாளரே இன்னொருவரைச் சொந்தக்காரர் போல நடக்கவிட்டு, அதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் சட்டம் உங்களைக் காப்பாற்றும். செத்தவர் யாரை நடக்கவிடுவார்? நிலத்தை மறந்துவிடுங்கள். பணத்தைக் கேட்டு நாம் தனியாக ஒரு வழக்குப் போடுவோம்."

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டோம். இரண்டு வழக்குகளையும் சேர்த்து விசாரித்தார்கள். நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் கொடுத்த புகாரில் ஆள்மாறாட்டம், மோசடி, பொய் ஆவணம் புனைதல் என்று வரிசையாகப் பிரிவுகள் போட்டு முகவரைக் கைது செய்தார்கள். சில வாரங்களில் ஜாமீனில் வெளியே வந்து, வாய்தாவுக்கு வாய்தா எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

அதன்பின் வாய்தாக்கள்தான். நீதிபதி மாறினார். கொரோனா வந்தது. 2022இல் அப்பா செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினார்: போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாட்டில் புதுச் சட்டப்பிரிவு, 77-ஏ. வக்கீல் அம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாட்சி விசாரணை நடக்கிறது. அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால் வேண்டாம்." 2024இல் அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் தீர்ப்பு அதற்குள் வந்திருந்தது.

முகவரின் வாதம் இதுதான்: இறப்புச் சான்றிதழ் வேறு யாருடையதோ, பவர் கொடுத்தவர் உயிரோடு வந்து கையெழுத்துப் போட்டார், இப்போது எங்கே என்று தெரியவில்லை. அந்த அம்மாவின் வக்கீல் அதிகம் பேசவில்லை. கணவர் 1996இல் வீட்டை அடமானம் வைத்துக் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். அந்த அடமானப் பத்திரத்துக்கு வைத்த இடது பெருவிரல் ரேகை பதிவு அலுவலகப் பதிவேட்டில் இருந்தது. அதையும் 2014ஆம் வருடப் பதிவேட்டையும் நீதிமன்றம் வரவழைத்து, ரேகை நிபுணருக்கு அனுப்பியது. இரண்டும் ஒருவருடையவை அல்ல என்று அறிக்கை வந்தது. ஒன்று பழுப்பேறிய பக்கத்தில் மங்கிய நீலம், மற்றது பளிச்சென்ற கறுப்பு. பெஞ்சு எழுத்தர் புரட்டியபோது எட்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

அப்பாவின் முறை அதற்கு அடுத்த மாதம் வந்தது. கூண்டில் ஏறியதும் பதினான்கு லட்சம் கொடுத்ததாகச் சொன்னார். முகவரின் வக்கீல் எழுந்தார்.

"கிரயப் பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறது ஐயா?"

"ஆறு லட்சம்."

"முழுக் கிரயத் தொகையும் ஆறு லட்சம்தான் என்று எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?"

"ஆமாம்."

"அப்போது எழுதியது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?"

அப்பா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி தட்டச்சருக்குச் சொன்னார்: "சாட்சி பதில் சொல்லவில்லை என்று எழுதுங்கள்." அந்த இடத்தில் எனக்கு முகவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வக்கீல் கேட்டது நியாயமான கேள்வி.

2023 நவம்பரில் தீர்ப்பு. பவரும் கிரயமும் செல்லாது, நிலம் அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் உரியது. எங்களுக்கு முகவர் ஆறு லட்சத்தை ஆறு சதவீத வட்டியோடு தர வேண்டும். எட்டு லட்சத்துக்கு ரசீது இல்லை, நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு பத்தி. வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மா அப்பாவின் பக்கம் வந்தார். "அண்ணா, உங்கள் பணத்தை நான் தின்னவில்லை" என்றார். "தெரியும் அம்மா" என்றார் அப்பா. இருவரும் ஒரே பஸ் நிறுத்தத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

நீதிமன்ற டிகிரி கையில் இருக்கிறது, பணம் இல்லை. நிறைவேற்று மனுப் போட முகவரின் சொத்துப் பட்டியல் வேண்டும் என்றார் வக்கீல் அம்மா. அப்பா இப்போது வில்லங்கத்தை டிக்கெட் கட்டுப்போலப் புரட்டிப் படிக்கிறார். முகவர் வீட்டுக்கு வில்லங்கம் எடுத்து வந்து மேசையில் விரித்தார். கடைசி வரி: தான செட்டில்மென்ட், மனைவி பெயருக்கு, 2018. எங்கள் வழக்கில் சம்மன் போன பதினோராம் நாள்.

வக்கீல் அம்மா பேனாவை மூடினார். "கடன்காரருக்கு எட்டாமல் இருக்கச் செய்த செட்டில்மென்ட் செல்லாது என்று கேட்கலாம். அதற்கு இன்னொரு வழக்கு."

அப்பா அந்தத் தேதியின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. "கோர்ட் கட்டணம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.