மூணு இதயம், நீல ரத்தம்: நான் யாரு?

[கருநீலக் கடல். நடுவில் ஒரு பாறை, அதில் ஒரு சின்ன இடுக்கு. குமிழிச் சத்தம்.]

குரல்: குட்டீஸ், கையை நெஞ்சுல வைங்க. லப் டப், லப் டப்... கேக்குதா? நமக்கு ஒரே ஒரு இதயம். இந்த இடுக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஆளுக்கு எத்தனை தெரியுமா? விடுகதையைக் கேளுங்க!

உள்ளே மூணு இதயம் துடிக்கும்,
ஓடுற ரத்தம் நீலமா இருக்கும்,
எட்டுக் கை நீட்டி இரை பிடிக்கும்,
எலும்பைத் தேடினா ஏமாத்தம் கிடைக்கும்!

அது யாரு? சத்தமா சொல்லுங்க!

[5... 4... 3... 2... 1... பெரிய எண்கள். பேச்சு கூடாது, இசையும் கூடாது. டிக் டிக் மட்டும். 3 வரும்போது இடுக்கிலிருந்து ஒரு கை நுனி எட்டிப் பார்க்கும். அதன் அடியில் வட்ட வட்டமா உறிஞ்சிகள். உடனே உள்ளே போய்விடும்.]

குரல்: ஜெல்லி மீனா? எலும்பு இல்லதான், ஆனா அதுக்கு இதயமே கிடையாதே! சிலந்தியா? கால் எட்டு சரி, இதயம் ஒண்ணுதான். கணவாயா? அடடா, ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க! அதுக்கும் மூணு இதயம், அதுக்கும் நீல ரத்தம். ஆனா கையை எண்ணிப் பாருங்க: எட்டுக் குட்டை, ரெண்டு நெட்டை. மொத்தம் பத்து!

[முரசுச் சத்தம். இடுக்கிலிருந்து கை ஒவ்வொன்றாக வெளியே வரும். குரலும் கூடவே எண்ணும்.]

குரல்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு... டண்டடாங்! ஆக்டோபஸ்! சரியா சொன்னவங்க எட்டுத் தடவை கை தட்டுங்க!

[ஆக்டோபஸ் முழுசாக வெளியே. மூன்று இதயங்களும் மின்னும்.]

குரல்: மூணு எதுக்கு? ரெண்டு இதயம் ரத்தத்தைச் செவுளுக்கு அனுப்பும், செவுளுக்கு ஒண்ணு வீதம். மூணாவது உடம்பு முழுக்க அனுப்பும். நீந்தும்போது அந்த மூணாவது நின்னுடும்! அதான் இவருக்கு நீச்சலைவிட தவழ்றதுதான் பிடிக்கும். நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கு, சிவப்பு. இவர் ரத்தத்துல செம்பு இருக்கு, அதான் நீலம்.

எலும்பு இல்லாததால இத்தனூண்டு ஓட்டையிலகூட புகுந்துடுவார். கிளி மூக்கு மாதிரி ஒரு அலகு மட்டும் கெட்டி. அது நுழைஞ்சா போதும், மிச்ச உடம்பு வழுக்கிட்டு வந்துடும்.

சரி, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமா? மெதுவா... மெதுவா...

[கேமரா நெருங்கும். ஆக்டோபஸ் மிரண்டு, நிறம் மாறி... புஸ்ஸ்ஸ்! திரை முழுக்கக் கருப்பு மை.]

குரல்: ஐயையோ, மையை அடிச்சுட்டார்! ஒண்ணுமே தெரியலையே! எங்க போனார்?