காலாண்டு அறிக்கை: ஜூலை – செப்டம்பர் 2024

அறங்காவலர் குழுவினருக்கு வணக்கம்.

நாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களில் நம் மாலை நேரப் படிப்பு மையங்களுக்கு இப்போது 386 பிள்ளைகள் வருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் வருகை குறையும் என்று பயந்தோம், குறையவில்லை. ஜூலையில் எழுத்துக்கூட்டிப் படித்த 112 பேரில் 71 பேர் இப்போது ஒரு பத்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள். இதற்கு முழுக் காரணம் உள்ளூர் ஆசிரியைகள்தான்.

கணக்கு அப்படியில்லை. கழித்தல், வகுத்தலில் முன்னேற்றம் மிகக் குறைவு. 14 மையங்கள் திட்டமிட்டோம், 12 மட்டுமே நடக்கின்றன. மாதம் 6,000 ரூபாய் மதிப்பூதியத்துக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை.

நிதி நிலை (ரூபாயில்):
தொடக்க இருப்பு: 4,10,000
வரவு: 6,85,000 (நிறுவன சமூகப் பொறுப்பு நிதி 4,50,000; தனிநபர் நன்கொடை 2,35,000)
செலவு: 7,42,000 (மதிப்பூதியம் 4,32,000, சிற்றுண்டி 1,38,000, புத்தகங்கள் 74,000, வாடகை, பயணம் 98,000)
இறுதி இருப்பு: 3,53,000

செப்டம்பரில் வரவேண்டிய 3,00,000 ரூபாய் தவணை இன்னும் வரவில்லை. கையிருப்பு ஒன்றரை மாதத்துக்குக்கூடப் போதாது. இதுதான் என் பெரிய கவலை. அப்புறம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு மையங்களின் கூரையைச் சரிசெய்தாக வேண்டும். 40,000 ரூபாய் ஆகும்.

கூரைச் செலவுக்கு ஒப்புதலும், கணக்கு ஆசிரியர்களுக்கு மட்டும் மதிப்பூதியத்தை 8,000 ஆக்குவது பற்றிய முடிவும் இந்தக் கூட்டத்திலேயே வேண்டும். தவணை கைக்கு வரும்வரை புதிய மையம் எதையும் தொடங்க வேண்டாம் என்பது என் பரிந்துரை.

திட்ட இயக்குநர்