நெல்லைப் பயணத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள

"அண்ணாச்சி, பாபநாசம் பேருந்து எங்கே நிற்கும் என்று நீங்கள் சொன்னது இந்த இரைச்சலில் என் காதில் விழவில்லை, தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள்."

"நான் வெளியூர்க்காரன், இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குப் புதிது என்பதால், கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னால் விளங்கிக்கொள்வேன்."

மூத்த ஆண்களை இங்கே அண்ணாச்சி என்று அழைப்பது மரியாதை. பெண்களிடம் அக்கா என்று தொடங்கலாம்.

"அக்கா, நீங்கள் சொன்னது வீரவநல்லூரா, விக்கிரமசிங்கபுரமா?"

இரண்டும் அதே வழியில் வரும் ஊர்கள் என்பதால், வெறுமனே "என்ன?" என்று கேட்பதைவிட இப்படிப் பெயர் சொல்லிக் கேட்பதே நல்லது.

"ஊர்ப் பெயரை மட்டும் இந்தச் சீட்டில் எழுதித் தாருங்கள்; நடத்துநரிடம் காட்டி இறங்கிக்கொள்கிறேன்."

"எழுத்தைச் சற்றுப் பெரிதாக எழுதுங்கள்."